துண்டுச்சீட்டுக்கு ஓர் உரை

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸுக்குக் குடிபோன தங்கை, துப்புரவுச் சாமான் என்னென்ன வாங்குவது என்று கேட்டாள். கூடமும் படுக்கையறையும் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை. சமையலறையும் குளியலறையும் டைல்ஸ். நான் எழுதிக் கொடுத்தது நான்கே வரிகள். அவற்றைக் கண்டியில் சின்ன வீடு எடுக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரித்துச் சொல்கிறேன்.

தரையில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பார். பிறகு கடைக்குப் போ.

இது சிவப்புச் சீமெந்துக்காகச் சொன்னது. ஊற்றிய தண்ணீர் முத்தாகத் திரண்டு நின்றால் மெழுகுப் பொலிஷ் இன்னும் இருக்கிறது. சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் பொலிஷ் போய்விட்டது; அழுக்கு இனிச் சீமெந்துக்குள்ளேயே இறங்கும். பொலிஷ் உள்ள தரைக்கு நன்றாகப் பிழிந்த துணியும் தண்ணீரில் சில துளி மென்மையான சவர்க்காரமும் போதும். சலவைச் சோடா மெழுகைக் கரைத்து எடுத்துவிடும். பொலிஷ் போன தரையைக் கழுவி முழுக்க உலரவிட்டு, மெல்லிய ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் தேய்க்க வேண்டும். தேங்காய்ப் பொச்சு மட்டையால் தேய்த்த நம் பெரியவர்களின் வழக்கம் இதற்கு இன்றும் குறைந்ததல்ல. தடிப்பாகப் பூசினால் தரை பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைக்கும்.

டைல்ஸில் அழுக்கு தங்குவது இடைக்கோடுகளில். அதற்கு ஒடுக்கமான நைலோன் பிரஷ் வேண்டும். கம்பிப் பிரஷ் கோட்டின் சீமெந்தைச் சுரண்டிவிடும். தேசிக்காய், வினாகிரி, கழிவறை அமிலம் ஆகியவற்றைச் சீமெந்துத் தரையிலும் டெரசோவிலும் பளிங்கிலும் விடவே கூடாது. அமிலம் சுண்ணாம்பை அரிக்கும். அந்த மங்கலைத் துடைத்து எடுக்க முடியாது.

பிழிந்து துடை, துணி இரண்டு வை.

கண்டியில் மே தொடங்கி மழை. ஒக்டோபர், நவம்பரில் இன்னும் பெருமழை. அந்த மாதங்களில் மொப் துணி காயாது. ஈரமாகவே மூலையில் நிற்கும் துணி புளித்து மணக்கும்; மறுநாள் அந்த மணத்தைத்தான் தரையெங்கும் பூசுவோம். ஆகவே நூல் மொப் வேண்டாம் என்பது என் முடிவு: கையால் அதை முழுக்கப் பிழிய முடியாது, உள்நூல் உலரவும் உலராது. கழற்றித் தோய்க்கக்கூடிய மைக்ரோபைபர் துணி பூட்டும் தட்டை மொப் நல்லது. ஒன்று கொடியில் காயும்போது மற்றது வேலை செய்யும். தோய்க்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதே. அது நாரில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். துடைத்துப் பத்து நிமிடம் கழித்தும் தரை பளபளவென்று ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம்.

வாட்ஸைப் பார்த்து மயங்காதே. சுவரில் உள்ள பிளக்கைப் பார்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 1600 வாட்ஸ், வெக்யூம் கிளீனர் உண்ணும் மின்சாரத்தின் அளவு. உறிஞ்சும் பலத்தின் அளவு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் 900 வாட்ஸுக்கு மேற்பட்ட வீட்டுக் கிளீனர்களைப் புதிதாகச் சந்தைக்கு விட முடியாது. அங்கும் வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. நமக்கு இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய வீடுகளின் வட்டக்கம்பி பிளக் பெரும்பாலும் 5 அம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1150 வாட்ஸ். 1600 வாட்ஸ் மெசின் ஏறக்குறைய 7 அம்பியர் இழுக்கும். பிளக் சூடாவதும் அதன் துளை ஓரம் பழுப்பு நிறமாவதும் எச்சரிக்கை. உடனே நிறுத்த வேண்டும்.

இன்னொன்று: வெறுந்தரைக்குச் சுழலும் பிரஷ் தேவையில்லை. அது மணலை உறிஞ்சுமுன் தெறிக்கவைக்கும். மென்மயிர்த் தலை போதும். மெசின் உண்மையில் உதவுவது மெத்தையிலும் சோபாவிலும்தான். ஈரக் காற்றில் தூசிப்பூச்சி பெருகும் இடங்கள் அவை. கழுவும் வடிகட்டி முழுக்கக் காயாமல் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்; மழைக்காலத்தில் காய ஒருநாள் போதாது. எனவே உதிரி வடிகட்டியும் பையும் அதே கடையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே காசைக் கொடு.

தும்புத்தடியை எறியாதே.

பல்கனியின் ஈர மண்ணை உலர் வெக்யூமால் இழுத்தால் மோட்டர் கெடும். அங்கே தும்புத்தடியே வேண்டும். தொங்கவிட்டு வை, நிறுத்தி வைத்தால் தும்பு வளைந்துவிடும்.

தங்கைக்குச் சொன்ன வரிசை இதுதான்: முதலில் மொப்பும் இரண்டு துணியும், அடுத்து நைலோன் பிரஷும் தும்புத்தடியும். சோபா வாங்கிய பிறகு, 900 வாட்ஸுக்கு உட்பட்ட வெக்யூம் ஒன்றை உதிரி வடிகட்டியோடு வாங்கினால் போதும்.