மீன்கொத்திக்கு ஒரு பெயர்: அப்பு முதல் கார்ட்டூம் கரடி வரை



எங்கள் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு ஒரு மீன்கொத்தியைச் சின்னமாக வரைந்திருக்கிறோம் என்பது ஊரில் பலருக்குத் தெரியும். களப்போரம் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. போஸ்டர், பெனர், தொப்பி, ரீ-சேர்ட், கொப்பி உறை என்று எல்லாவற்றிலும் அது வரப்போகிறது. படத்தில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. பிரச்சினை பெயரில் வந்தது. "அறிவுச்சுடரோன்" என்று குழு ஒரு பெயரை வைத்து முதல் போஸ்டரையும் ஒட்டிவிட்டது. இரண்டு கிழமை கழித்து தரம் இரண்டு பிள்ளைகளிடம் அந்தக் குருவியின் பெயர் என்ன என்று கேட்டோம். ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. "அந்தக் கொத்தி" என்றார்கள்.

அதனால் இந்த மாதிரிச் சின்னங்களுக்கு உலகத்தில் எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று கொஞ்சம் தேடிப் படித்தோம். படித்ததை இங்கே பகிர்கிறோம். கூட்டத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கும் இதில் பதில் இருக்கிறது.

முதலில் "மஸ்கட்" என்ற சொல். கூட்டத்தில் ஒரு பெரியவர், "இது அதிர்ஷ்டச் சின்னம்தானே, அது நமக்குக் கூடுமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. தெற்குப் பிரான்சின் பேச்சு வழக்கில் சூனியக்காரியைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்ததுதான் இது. 1880-ல் பாரிஸில் எட்மண்ட் ஓட்ரான் என்பவரின் "லா மஸ்கொட்" என்ற இசை நாடகம் மேடையேறியது. போகும் வீட்டுக்கெல்லாம் அதிர்ஷ்டத்தைக் கொண்டுபோகும் ஒரு பெண்ணின் கதை அது. அந்த நாடகத்தோடுதான் சொல் ஊர் ஊராகப் பரவியது. பிறகு விளையாட்டு அணிகளும் கம்பனிகளும் அதை எடுத்துக்கொண்டன, அதிர்ஷ்டம் என்ற பொருள் தேய்ந்து, அடையாளப் பாத்திரம் என்ற பொருள் நின்றது. நாங்கள் தமிழில் "பாடசாலைச் சின்னம்" என்றே எழுதுகிறோம். அதிர்ஷ்டம் என்ற சொல் எந்த அச்சிலும் வராது.

உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு முதன்முதலாக இப்படி ஒரு பாத்திரம் வந்தது 1966-ல், இங்கிலாந்தில். பிரித்தானியக் கொடியைச் சட்டையாகப் போட்ட ஒரு சிங்கம். வரைந்தவர் ரெக் ஹோய், பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் போட்டவர். சிங்கம் என்றால் நாம் "ராஜா", "வீரன்" என்று போயிருப்போம். அவர்கள் வில்லி என்று வைத்தார்கள், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி. அந்தப் பெயரோடு சிங்கம் கடை கடையாக விற்றது. ஆனால் அதே பெயரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், சினிமாவில் வரும் பொல்லாத மாமியார்தான் நினைவுக்கு வருவார். ஒரு பெயர் எந்தக் காதுக்காக வைக்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் நல்ல பெயரா கெட்ட பெயரா என்று சொல்ல முடியாது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அப்புவின் கதை. 1982-ல் புதுடில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதன் சின்னம் ஒரு குட்டியானை. அது வெறும் படம் அல்ல, கேரளத்தைச் சேர்ந்த உண்மையான ஒரு யானைக்குட்டி அந்தப் பாத்திரமாக இருந்தது. அந்தக் குட்டியின் சொந்தப் பெயர் குட்டிநாராயணன். சொல்லிப் பாருங்கள், ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் இது பாதியில் உடைந்துபோகும். போஸ்டருக்குப் போன பெயர் அப்பு. கேரளத்தில் வீட்டுப் பையன்களைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அது. இரண்டு அசை. உதடு சேர்ந்து பிரியும் "ப்பு". பேசப் பழகும் குழந்தைக்கு முதலில் வரும் ஒலிகளில் ப ஒன்று. உப்பு, பப்பு, அப்பா, உம்மா, வாப்பா எல்லாம் இதே உதட்டுச் சொற்கள்தான்.

போட்டி சில கிழமைகளில் முடிந்துவிட்டது. பெயர் முடியவில்லை. 1984-ல் டில்லியில் பிள்ளைகளுக்கான ஒரு விளையாட்டுப் பூங்கா திறக்கப்பட்டபோது அதற்கு அப்பு கர், அதாவது அப்புவின் வீடு, என்று பெயர் வைத்தார்கள். 2008 வரை அது இயங்கியது. போட்டியைப் பார்த்தே இராத ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பெயரோடு வளர்ந்தார்கள். குட்டிநாராயணன் சிறு வயதிலேயே குழிக்குள் விழுந்து கால் முறிந்து, நொண்டியபடியே வாழ்ந்து 2005-ல் இறந்துபோனது. பெயருக்குக் கிடைத்த கவனிப்பு அந்த யானைக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை. இதைப் படித்த அன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்பு எல்லா இடத்துக்கும் பொருந்துமா? யாழ்ப்பாணத்தில் அப்பு என்றால் வீட்டுப் பெரியவர், பல வீடுகளில் தாத்தா. சிங்களத்தில் அது ஆண்களின் பெயர், 1848 கிளர்ச்சியின் புரன் அப்புவை நாம் பாடத்திலேயே படிப்பிக்கிறோம். வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில் சமையற்காரரையும் அப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். டில்லியில் குட்டிப் பையனாக இருந்தவர் நமது தீவுக்கு வந்ததும் கிழவராகவும் சமையற்காரராகவும் ஆகிவிடுகிறார்.

அடுத்தது பெய்ஜிங். 2008 ஒலிம்பிக்குக்குச் சீனர்கள் ஒரு பாத்திரம் அல்ல, ஐந்து பாத்திரங்கள் வைத்தார்கள். பெய்பெய், ஜிங்ஜிங், ஹுவான்ஹுவான், யிங்யிங், நினி. மீன், பண்டா, ஒலிம்பிக் சுடர், திபெத்திய மான், தகைவிலான். சீன வீடுகளில் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும்போது பெயரின் அசையை இரட்டிப்பது வழக்கம், அதையே எடுத்தார்கள். இன்னொரு வேலையும் செய்தார்கள். ஐந்து பெயர்களின் ஒவ்வோர் அசையையும் வரிசையாக வைத்தால் "பெய்ஜிங் ஹுவான்யிங் நி" என்று வரும். பெய்ஜிங் உங்களை வரவேற்கிறது என்று அர்த்தம். ஐந்து பொம்மையையும் வரிசையாக அடுக்கி வைக்கும் சீனப் பிள்ளை ஒரு வாக்கியத்தையே அடுக்கி வைக்கிறது. ஒரு பெயரை மறந்தாலும் வாக்கியத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் இந்தக் கெட்டித்தனம் சீனம் தெரிந்தவருக்கு மட்டும்தான். வெளியில் இருப்பவருக்கு அவை ஐந்து அந்நியப் பெயர்கள். ஆங்கிலத்தில் ஐவருக்கும் சேர்த்து முதலில் "ஃப்ரெண்ட்லீஸ்" என்று ஒரு பொதுப்பெயர் வைத்தார்கள். அதைப் பிரித்துப் படித்தால் "ஃப்ரெண்ட் லைஸ்", நண்பன் பொய் சொல்கிறான் என்று வருகிறதே என்று விமர்சனம் எழுந்தது. 2006-ல் அதைக் கைவிட்டு, சீனப் பெயரான "ஃபூவா" என்பதையே எல்லா மொழிக்கும் வைத்தார்கள். பாத்திரங்களை அறிவித்து ஏறக்குறைய ஒரு வருடம் கழிந்திருந்தது. ஒலிம்பிக் குழு தாங்கிக்கொள்ளும், நாங்கள் ஒருமுறை அச்சடித்த ரீ-சேர்ட்டை இரண்டாம் முறை அச்சடிக்க முடியாது.

இனி ஒரு கசப்பான விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எழுதுகிறோம்.

2007-ல் சூடானின் தலைநகர் கார்ட்டூமில், ஒரு தனியார் பாடசாலையில், ஒரு பிரித்தானிய ஆசிரியை ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு விலங்குகள் பற்றிப் படிப்பித்தார். வகுப்புக்கு ஒரு கரடிப் பொம்மை வந்தது. பெயர் வையுங்கள் என்றார். பிள்ளைகள் அப்துல்லாஹ், ஹசன், முஹம்மத் என்று சில பெயர்களைச் சொன்னார்கள். வாக்கெடுப்பு நடந்தது. 23 பேரில் 20 பேர் முஹம்மத் என்றார்கள். கரடி வார இறுதியில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போகும், பிள்ளை அதைப் பற்றிக் கொப்பியில் எழுதும். கொப்பி உறையில் கரடியின் படமும் பெயரும் இருந்தன. முறைப்பாடு போனது. நவம்பரில் ஆசிரியை கைதானார், மதத்தை அவமதித்ததாகப் 15 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் முஸ்லிம் உறுப்பினர்கள் இருவர் நேரில் போய்ப் பேசிய பின், டிசம்பர் ஆரம்பத்தில் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார்.

அந்தப் பிள்ளைகளின் நிய்யத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அந்த வகுப்பிலேயே அந்தப் பெயருடைய பிள்ளைகள் இருந்தார்கள், தமக்குப் பிரியமான பெயரைச் சொன்னார்கள். வாயால் சொல்லும்போது அது அன்பு. அதே பெயர் ஒரு விலங்கின் படத்துக்குக் கீழே அச்செழுத்தாகி வீதிக்கு வந்தபோது வேறொன்றாகப் பட்டது. அந்த ஆசிரியைக்கு நடந்தது அநியாயம். ஆனாலும் எங்களுக்கு இதில் ஒரு வேலை ஒழுங்கு தெரிந்தது. வாக்கெடுப்புக்குப் பிறகு பெயரை மாற்றினால் பிள்ளைகளை ஏமாற்றியதாகும். ஆகவே பட்டியலை முதலில் சலித்துவிட வேண்டும். நபிமார், ஸஹாபாக்கள் பெயர், ஊரில் யாருக்காவது உள்ள பெயர், பட்டப்பெயர் எதுவும் பட்டியலுக்குள் வராமல் பார்த்துக்கொண்டோம்.

பிள்ளைகளிடமிருந்து வந்ததில் மிஞ்சியவை கொத்தி, மீனு, நீலு. கொத்தி எங்களுக்கும் பிடித்திருந்தது. பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை ஒருவர் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர்களின் ஊர்க் கதைகளில் கொத்தி என்பது பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றும் பேய். அது போனது. மற்ற இரண்டையும் படமில்லாமல் ஒருமுறை மட்டும் தரம் ஒன்றில் சொல்லிவிட்டு, ஐந்து நாள் கழித்துப் படத்தைக் காட்டிப் பெயரைக் கேட்டோம். மீனு என்றவர்கள் குறைவு. சிலர் மீனு என்றால் மீன்தானே, இது குருவியல்லவா என்று எங்களையே கேட்டார்கள். நீலு என்று பலர் சொன்னார்கள், குருவி நீலமாக இருப்பதால் படமே பெயரைச் சொல்லிக்கொடுக்கிறது. சிங்களத்திலும் நீலம் "நில்"தான். நீலு அங்கே பெண்பிள்ளைகளின் பெயர் என்று சிங்களம் படிப்பிக்கும் மிஸ் சொன்னார், கேலிப் பொருள் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

சொல்வதெழுதலில்தான் தடுக்கியது. கணிசமான பிள்ளைகள் "நீளு" என்று எழுதினார்கள். லகர ளகரம் நமது பக்கத்துப் பழைய வியாதி, பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. பெயரை மாற்றவில்லை, முதல் போஸ்டரில் பறவையைச் சின்னதாகவும் எழுத்தைப் பெரிதாகவும் போட முடிவெடுத்தோம். ஆங்கிலத்தில் Neelu என்ற ஓர் எழுத்துக்கூட்டல் மட்டும்தான், வேறெதுவும் இல்லை.

நேற்று அச்சகத்திலிருந்து ரீ-சேர்ட்டின் மாதிரி வந்தது. நீலக் குருவி, அழகான அலகு, கீழே கொட்டை எழுத்தில் "நீளு". திருத்தி அனுப்பியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டாவது மாதிரி வரும்.