குற்றாலம் ரூம் வாடகையில் ஜிஎஸ்டி எவ்வளவு? பில்லைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் ரூம் கிடைப்பதே பெரிய விஷயம். போனில் கேட்கும்போது "டேக்ஸோட சேர்த்து 2,100 ரூபாய் சார்" என்பார்கள். காலி செய்யும்போது பில்லில் ரூ.2,205 இருக்கும். எங்கே தப்பு நடந்தது?

வரியைச் சேர்ப்பது எப்படி?

ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன்பு 12 சதவீதமாக இருந்தது. ரூ.7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம்.

வரி இல்லாத வாடகை ரூ.2,000 என்றால், அதில் 5 சதவீதம் ரூ.100. மொத்தம் ரூ.2,100. கால்குலேட்டரில் 2000 × 1.05 என்று போட்டாலே போதும்.

வரியைப் பிரிப்பது எப்படி?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 2,100-ல் 5 சதவீதம் ரூ.105, அதைக் கழித்தால் வாடகை ரூ.1,995 என்று நினைப்போம். இது தவறு. ரூ.1,995-உடன் மறுபடி 5 சதவீதம் சேர்த்துப் பாருங்கள், ரூ.2,094.75தான் வரும். கணக்கு இடிக்கிறது.

காரணம் ரொம்ப சிம்பிள். 5 சதவீத வரி வாடகைக்குத்தான், மொத்தத் தொகைக்கு அல்ல. வாடகை 100 பங்கு, வரி 5 பங்கு. கையில் உள்ள 2,100 என்பது 105 பங்கு. அதனால் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும்:

2100 ÷ 1.05 = 2000

மீதி ரூ.100தான் வரி. பில்லில் இது மத்திய அரசுக்கு ரூ.50, மாநில அரசுக்கு ரூ.50 எனப் பிரிந்து நிற்கும். இரண்டுமே அதே ரூ.2,000-க்குத் தலா 2.5 சதவீதம்.

வரி விகிதம் கூடினால் இந்தத் தவறும் பெரிதாகும். 18 சதவீத வரியோடு ரூ.9,440 வாங்கும் அறைக்கு, வகுத்தால் வாடகை ரூ.8,000, வரி ரூ.1,440. நேராக 18 சதவீதம் போட்டால் ரூ.1,699.20 என்று தப்பாக வரும்.

அப்போ அந்த ரூ.2,205?

ஏற்கனவே வரி சேர்ந்த ரூ.2,100-ஐ வாடகை என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் இன்னொரு முறை 5 சதவீதம் போட்டிருக்கிறார்கள். வரிக்கே வரி! பில்லில் வாடகை என்ற இடத்தில் ரூ.2,000 இருக்கிறதா, ரூ.2,100 இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பில்லில் இதையும் பாருங்க

ஜிஎஸ்டி வாங்கினால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்த எண் 33 என்று தொடங்கும். gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். பதிவு செய்யாத சிறிய லாட்ஜ்கள் ஜிஎஸ்டி என்று தனியாகப் பணம் வாங்க முடியாது.

தென்காசி கடைகளில் வாங்கும் பாக்கெட் பொருட்களில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி-யும் எல்லா வரிகளும் சேர்ந்ததுதான். அதற்கு மேல் ஜிஎஸ்டி கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

ரூம் புக் செய்யும்போதே "டேக்ஸோடவா, டேக்ஸ் தனியா?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.