ஒரு நாளில் ரூ.8,500 தான் நஷ்டம் என்று சொன்ன கணக்கு, போனதோ ரூ.65,000! - 'வேல்யூ அட் ரிஸ்க்' எங்கே கோட்டை விடுகிறது?

பங்குச்சந்தையில் 5 லட்சம் ரூபாய் போட்டிருக்கும் ஒருவருக்கு முதலில் வரும் கேள்வி, 'ஒரே நாளில் எவ்வளவு போகும்?' என்பதுதான். இதற்கு ஒரே ஒரு எண்ணில் பதில் சொல்லும் முறைதான் 'வேல்யூ அட் ரிஸ்க்', சுருக்கமாக வி.ஏ.ஆர். 1990-களில் ஜே.பி. மார்கன் போன்ற பெரிய வங்கிகள் மூலம் பிரபலமான இந்தக் கணக்கை, இன்று மொபைலில் உள்ள ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே போட்டுவிடலாம்.

ஆனால் 2020 மார்ச் மாதத்தில் இந்தக் கணக்கை மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு என்ன நடந்திருக்கும்? நிஃப்டி 50 குறியீட்டின் உண்மையான எண்களை வைத்தே பார்க்கலாம்.

வி.ஏ.ஆர் என்றால் என்ன?

'99 சதவீத வி.ஏ.ஆர் ரூ.8,500' என்று ஒரு கணக்கு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 வர்த்தக நாட்களில் 99 நாட்கள் நஷ்டம் ரூ.8,500-ஐத் தாண்டாது என்பதே இதன் பொருள்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். இது 'அதிகபட்ச நஷ்டம்' கிடையாது. மீதமுள்ள அந்த ஒரு நாளில் ரூ.9,000 போகுமா, ரூ.90,000 போகுமா என்பது பற்றி இந்த எண் எதுவுமே சொல்லாது. நஷ்டம் எந்தக் கோட்டுக்கு மேல் அபூர்வம் என்று மட்டும்தான் சொல்லும்.

பழைய விலைகளை வைத்து எப்படிக் கணக்கிடுவது?

இதற்குப் பல முறைகள் உண்டு. அதில் எளிமையானது, கடந்த கால ஏற்ற இறக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் முறை.

உதாரணத்துக்கு ஒருவரிடம் வங்கிப் பங்கு 2 லட்சம், ஐ.டி. பங்கு 2 லட்சம், தங்க இ.டி.எஃப் 1 லட்சம் இருக்கிறது. கடந்த ஆண்டில் ஏதோ ஒரு நாள் வங்கிப் பங்கு 2% இறங்கி, ஐ.டி. பங்கு 0.5% ஏறி, தங்கம் 0.4% ஏறியிருந்தால், அந்த நாள் இன்று திரும்ப வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். வங்கியில் ரூ.4,000 போகும், ஐ.டி.யில் ரூ.1,000, தங்கத்தில் ரூ.400 வரும். ஆக மொத்தம் ரூ.2,600 நஷ்டம்.

இதேபோல கடந்த 250 வர்த்தக நாட்களுக்கும், அதாவது சுமார் ஓராண்டுக்கு, தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். பிறகு 250 முடிவுகளையும் பெரிய நஷ்டத்தில் இருந்து வரிசைப்படுத்த வேண்டும். 250-ல் 1 சதவீதம் என்பது 2.5. எனவே மேலிருந்து மூன்றாவதாக இருக்கும் நஷ்டம்தான் 99 சதவீத வி.ஏ.ஆர்.

ஒரே ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் வேலை இன்னும் சுலபம். ஸ்ப்ரெட்ஷீட்டில் A2 முதல் A252 வரை தினசரி விலையைப் போட்டு, கீழே உள்ள முதல் வரியை B3-ல் எழுதி B252 வரை இழுத்துவிட வேண்டும். இரண்டாவது வரி, மூன்றாவது மோசமான நாளை எடுத்துத் தரும்.

```
=A3/A2-1
=SMALL(B3:B252,3)
```

2019-ம் ஆண்டு சொன்ன பதில் என்ன?

இப்போது 5 லட்சமும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2019-ல் நிஃப்டியின் மிக மோசமான நாள் ஜூலை 8. மத்திய பட்ஜெட்டுக்கு அடுத்து வந்த அந்தத் திங்கட்கிழமை சரிவு 2.14%. அடுத்தது செப்டம்பர் 3, சரிவு 2.04%. மூன்றாவது இடத்தில் இருக்கும் சரிவு சுமார் 1.7%.

ஆக 99 சதவீத வி.ஏ.ஆர் சுமார் 1.7%. 5 லட்சத்துக்கு ரூ.8,500. 'இந்த அளவு நஷ்டம் என்றால் தாங்கிக்கொள்ளலாம்' என்று யாருக்கும் தோன்றும்.

2020 மார்ச்சில் நடந்தது என்ன?

கொரோனாவை உலகப் பெருந்தொற்றாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த மறுநாள், மார்ச் 12 அன்று நிஃப்டி 8.3% சரிந்தது. மார்ச் 16-ல் 7.6%, மார்ச் 18-ல் 5.6% சரிவு. மார்ச் 23-ம் தேதி 10 சதவீதம் விழுந்ததும் வர்த்தகம் 45 நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியபின் சரிவு தொடர்ந்து, 12.98% இழப்புடன் 7,610 புள்ளிகளில் முடிந்தது.

5 லட்சத்துக்கு 12.98% என்றால் ஒரே நாளில் சுமார் ரூ.65,000. கணக்கு சொன்ன ரூ.8,500-ஐப் போல ஏழரை மடங்கு.

ஃபார்முலாவில் பிழை எதுவும் இல்லை. 2019-ல் நடந்ததை அது சரியாகவே சொன்னது. ஆனால் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நிஃப்டி ஒரே நாளில் 3% கூட விழுந்ததில்லை. பட்டியலிலேயே இல்லாத ஒரு சரிவை அந்தப் பட்டியல் எப்படிக் காட்டும்? அமைதியான ஆண்டின் விலைகளைக் கொடுத்தால் அமைதியான பதில்தான் வரும். இதுதான் இந்த முறையின் முதல் குருட்டுப் புள்ளி.

மோசமான நாட்கள் ஏன் கூட்டமாக வருகின்றன?

99 சதவீதக் கணக்குப்படி, 1.7 சதவீதத்துக்கு மேலான சரிவு ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறைதான் வர வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் மொத்தம் 21 வர்த்தக நாட்கள். அதில் 9 நாட்கள் இந்தக் கோட்டைத் தாண்டின. மூன்று ஆண்டுகளுக்கு உரிய மோசமான நாட்கள் ஒரே மாதத்தில் வந்துவிட்டன.

பயம் ஒரு நாளில் அடங்குவதில்லை. இன்று விழுந்த விலையைப் பார்த்து நாளை இன்னும் பலர் விற்கிறார்கள். கடன் வாங்கி முதலீடு செய்தவர்களிடம் புரோக்கர் கூடுதல் பணம் கேட்பார். கட்ட முடியாதவர்களின் பங்குகள் விற்கப்பட்டு, விலை இன்னும் இறங்கும்.

ஆனால் பல நாள் நஷ்டத்தைக் கணக்கிட வழக்கமாகச் செய்யும் குறுக்குவழி இதைக் கண்டுகொள்வதில்லை. ஒரு நாள் வி.ஏ.ஆரை நாட்களின் வர்க்கமூலத்தால் பெருக்குவார்கள். 10 நாட்களுக்கு வர்க்கமூலம் சுமார் 3.16 என்பதால், ரூ.8,500 சுமார் ரூ.27,000 ஆகும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளோடு தொடர்பில்லாதது என்ற அனுமானம் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

மார்ச் 6-ம் தேதி நிஃப்டி 10,989-ல் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பத்தாவது வர்த்தக நாள்தான் மார்ச் 23. இந்தப் பத்து நாட்களில் 30.75% காணாமல் போனது. 5 லட்சத்தில் அது ரூ.1.54 லட்சம்!

பல இடங்களில் பிரித்துப் போட்டால் தப்பிக்கலாமா?

சாதாரண நாட்களில் வங்கிப் பங்கு இறங்கினால் ஐ.டி. பங்கு ஏறலாம். ஒன்றின் நஷ்டத்தை மற்றொன்று ஈடுகட்டுவதால் வி.ஏ.ஆர் குறைவாகத் தெரியும். மேலே பார்த்த உதாரணத்தில் ரூ.4,000 நஷ்டம் ரூ.2,600 ஆகக் குறைந்தது அப்படித்தான்.

பெரிய சரிவில் இந்தத் தடுப்பு உடைந்துவிடும். மார்ச் 23 அன்று வங்கிப் பங்குகளின் குறியீடு 16 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஐ.டி. உட்பட மற்ற துறைகளும் தப்பவில்லை. பாதுகாப்பானது என்று கருதப்படும் தங்கம்கூட, அந்த மாதத்தின் நடுவில் சர்வதேச சந்தையில் அவுன்ஸ் சுமார் 1,700 டாலரில் இருந்து 1,500 டாலருக்குக் கீழே இறங்கியது. மற்ற இடங்களில் ஏற்பட்ட நஷ்டத்துக்குப் பணம் திரட்ட, கையில் லாபத்தில் இருந்த தங்கத்தையும் விற்றதே இதற்கு முக்கியக் காரணம். தங்கம் பின்னர் மீண்டது; ஆனால் அந்த நாட்களில் பணம் தேவைப்பட்டவருக்கு அது உதவியிருக்காது.

சரிவுக்குப் பிறகு கணக்கு சரியாகிவிடுமா?

இங்கே இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மார்ச் 23-க்குப் பிறகு அதே 250 நாள் கணக்கைப் போட்டால் மூன்றாவது மோசமான நாள் 7.6% ஆகிவிடும். வி.ஏ.ஆர் ரூ.8,500-ல் இருந்து ரூ.38,000-க்குத் தாவும். அதாவது, எச்சரிக்கை மணி அடிப்பதே வீடு எரிந்த பிறகுதான்.

அடுத்து 2021 ஏப்ரலில், அந்த மார்ச் நாட்கள் ஓராண்டுப் பட்டியலில் இருந்து வெளியேறின. அதே கணக்கு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதற்காக ஆபத்து பாதியாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நாட்காட்டியில் ஒரு தாள் கிழிந்தது, அவ்வளவுதான்.

இதே கதை 2024-லும் நடந்தது. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாளான ஜூன் 4 அன்று நிஃப்டி 5.93% சரிந்தது. அதற்கு முந்தைய ஓராண்டின் மிக மோசமான நாளில் கூட சரிவு சுமார் 2.1% தான். அந்த முறை மூன்று வர்த்தக நாட்களில் சந்தை மீண்டுவிட்டது. 2020-ல் மீள மாதங்கள் ஆனது.

அப்படியானால் என்ன பார்க்க வேண்டும்?

வங்கிகளுக்கான சர்வதேச பேசல் விதிகளே இப்போது வேறு அளவுகோலுக்கு மாறியுள்ளன. கோட்டைத் தாண்டிய நாட்களின் சராசரி நஷ்டத்தைப் பார்ப்பது அந்த முறை. ஆனால் 2019-க்கு மட்டும் இதைப் போட்டாலும் மூன்று மோசமான நாட்களின் சராசரி 2 சதவீதத்தைத் தாண்டாது. அமைதியான ஆண்டின் பட்டியலை எந்த ஃபார்முலாவாலும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் அந்த விதிகள், நெருக்கடிக் காலத்தின் விலைகளையும் கணக்கில் சேர்க்கச் சொல்கின்றன.

சிறு முதலீட்டாளரும் இதையே செய்யலாம். ஓராண்டு வி.ஏ.ஆர் எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணை எழுதி வைக்க வேண்டும்: '2020 இன்று திரும்ப வந்தால்?'. 2020 ஜனவரி 14-ல் 12,362 ஆக இருந்த நிஃப்டி, மார்ச் 23-ல் 7,610 ஆனது. சரிவு 38.4%. 5 லட்சம், சுமார் ரூ.3.08 லட்சமாகச் சுருங்கும்.

முதல் எண், சாதாரண நாட்களில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்பதைக் காட்டும். அதைப் பார்த்துப் பதறாமல் இருக்கலாம். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணமோ, வீட்டுக்கடன் தவணையோ இந்தப் பணத்தில் இருந்துதான் போக வேண்டும் என்றால், எவ்வளவு பணத்தைச் சந்தையில் வைப்பது என்பதை இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.