இருபத்திரண்டு சுருதிகளும் பாடுவோர் மிடறும்

சுருதி என்னும் சொல் இந்திய இசை வழக்கில் இரு பொருள் குறிப்பதாயிற்று. கச்சேரி மேடையிலே பாடகரொருவர் சுருதி சேரவில்லை என்று கூறுவாராயின், அவர் குறிப்பது தம்பூராவில் ஒலிக்கும் ஆதார சட்ஜத்தையேயாம். இசை நூலாசிரியர்கள் அச்சொல்லால் உணர்த்தியதோ வேறு. ஒரு ஸ்தாயிக்குள் செவியாற் பிரித்தறியத்தக்கனவாய் அமைந்த 22 நுண்ணிய ஒலிப் பிரிவுகளையே அவர்கள் சுருதி என்றனர். முன்னதைப் பாடகர் ஒவ்வொருவரும் அறிவர். பின்னதை எத்துணைப் பேர் பாட்டிற் கையாளுகின்றனர் என்பதே ஆராயத்தக்கது.

22 என்னும் தொகைக்கு முதன்மையான ஆதாரம் பரதரது நாட்டிய சாஸ்திரம். அந்நூலின்படி சட்ஜ கிராமத்திலே சட்ஜம் 4, ரிஷபம் 3, காந்தாரம் 2, மத்திமம் 4, பஞ்சமம் 4, தைவதம் 3, நிஷாதம் 2 சுருதிகளைப் பெறும். மத்திம கிராமத்திலே பஞ்சமம் ஒரு சுருதி தாழ்ந்து நிற்கும். அதனாற் பஞ்சமம் 3, தைவதம் 4 என மாறும். இவ்விரு பஞ்சமங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடே பிரமாண சுருதி எனப்பட்டது.

பரதர் தொகையை மட்டும் கூறி அமையவில்லை. அதனைக் காட்டும் செய்முறையையும் வகுத்தார். ஒத்த அமைப்புடைய இரு வீணைகளை எடுத்துச் சட்ஜ கிராமத்திற் கூட்டுதல் வேண்டும். ஒன்று மாறாத வீணை, மற்றையது மாற்றப்படும் வீணை. மாறும் வீணையிற் பஞ்சமத்தை முதலில் ஒரு பிரமாண சுருதி தாழ்த்தி, ஏனைய சுரங்களையும் அதற்கேற்பத் தாழ்த்தினால் வீணை முழுதும் ஒரு சுருதி இறங்கும். இரண்டாம் முறை இறக்கும்போது அதன் காந்தாரமும் நிஷாதமும் மாறாத வீணையின் ரிஷப தைவதங்களோடு ஒன்றுபடும். மூன்றாம் முறையில் ரிஷபமும் தைவதமும் முறையே சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அடையும். நான்காம் முறையிற் சட்ஜம் நிஷாதத்தையும், மத்திமம் காந்தாரத்தையும், பஞ்சமம் மத்திமத்தையும் சாரும். ஆகவே நான்கு சுருதிச் சுரங்கள் மூன்று, மூன்று சுருதிச் சுரங்கள் இரண்டு, இரண்டு சுருதிச் சுரங்கள் இரண்டு; கூட்டினால் 22.

இச்செய்முறையை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முதற்படியில் மட்டுமே இறக்கத்தின் அளவு பிரமாண சுருதியாகும். பின்னைய படிகளில் அளவைத் தீர்மானிப்பது ஒரு சுரம் மற்றொரு சுரத்தோடு ஒன்றுபடுவதே. அப்படிகள் யாவும் சம அளவினவா என்பதைப் பரதர் எண்ணாற் கூறினாரல்லர். தூய இசைவிலமைந்த சுரங்களைக் கொண்டு கணித்துப் பார்க்கலாம். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டுகளாகப் பகுக்கும் இக்கால அளவையின்படி, அத்தகைய சுரங்களில் நான்கு சுருதி இடைவெளி ஏறத்தாழ 204, மூன்று சுருதி 182, இரண்டு சுருதி 112 ஆகும். பிரமாண சுருதி 22. அவ்வாறாயின் முதலாம் இறக்கம் 22. இரண்டாவது, 112-இல் 22 போக எஞ்சும் 90. மூன்றாவது, 182-இல் 112 போக 70. நான்காவது மீண்டும் 22. ஆகவே இந்தக் கூட்டில், சுருதி என்று ஒரே பெயர் பெற்ற நான்கு படிகளும் ஒரே அளவினவாயில்லை.

இனி, 22-உம் சமமென்றே கொள்வோமாயின் ஒரு சுருதி 54½ சென்ட்டாகும். சட்ஜத்திலிருந்து பஞ்சமம் 13 சுருதித் தொலைவிலுள்ளது. அது 709 சென்ட்டாய் முடியும். தம்பூராவின் பஞ்சமத் தந்தியிற் செவி கேட்கும் இசைவான பஞ்சமமோ 702. ஏழு சென்ட் சிறிதென்று தோன்றலாம். ஆயின் இடைவிடாது ஒலிக்கும் தந்தியோடு இணைத்துக் கேட்பார்க்கு அது அதிர்வாகப் புலப்படும். சமச் சுருதிக் கொள்கைக்கு இந்தப் பஞ்சமம் பெரும் இடையூறு. 13-ஆம் நூற்றாண்டிலே சங்கீத ரத்னாகரம் இயற்றிய சார்ங்கதேவர், 22 தந்திகளை ஒன்றினொன்று சிறிதே உயர்ந்தனவாய், இடையில் வேறோர் ஒலி புகாதவாறு கூட்டுக என விதித்தார். படிக்குத் துணையாக இசைவைக் கொள்ளாது செவியின் நுண்மையையே கொண்டமையால், அவர் முறை அளவைக்கு இன்னும் கடினமாயிற்று.

தமிழிலக்கியத்திலே இதனோடு ஒப்பவைத்து ஆராயத்தக்கது சிலப்பதிகார உரைவழி அறியப்படும் அலகுக் கணக்கு. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. இதன் தொகையும் 22. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தில் (1917) 22 என்பதை மறுத்து, ஒரு ஸ்தாயியை 24 சம சுருதிகளாகப் பகுத்தலே பொருந்துமென்று வாதித்தார். அவர் பிரிவில் ஒரு சுருதி 50 சென்ட், பஞ்சமம் 700. இசைவான பஞ்சமத்துக்கு இது 709-ஐ விட மிக அண்மையது. அவர் கொள்கையை முற்றும் ஏலாதாரும் இவ்வொரு கணக்கை அவர்க்கு விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

இவ்விவாதங்கள் யாவும் தந்தியைக் கூட்டுதல் பற்றியவை. கிராம முறை வழக்கொழிந்து, சட்ஜ பஞ்சமங்கள் அசையாச் சுரங்களாக நிலைபெற்றபின், வீணையிலே ஸ்தாயிக்குப் 12 மெட்டுக்களே போதுமானவையாயின. நூல்கள் 22-ஐ விடாது எழுதிவந்தன. கைகளோ 12-ஐக் கொண்டு பாடின. இடைப்பட்ட நுண்மைகள் எங்கே சென்றன?

தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளலாம். மேளக் கணக்கிலே அது சாதாரண காந்தாரம்; ஏறத்தாழ 300 சென்ட்டில் நிற்க வேண்டியது. ஆயின் தென்னாட்டுப் பாடகர் அதனை அங்கு நிறுத்திப் பாடுவது அரிது. குரல் கீழே சுத்த ரிஷபத்தை அண்டி எழுந்து, மேலே மத்திமத்தை நோக்கிச் சென்று, மீண்டும் இறங்கி அசையும். வீணை வாசிப்போர் மெட்டில் விரல் வைத்துத் தந்தியைப் பக்கமாக இழுத்தே இதனைப் பெறுவர். இவ்வசைவை நிறுத்தி, காந்தாரத்தை நேராக நீட்டிப் பாடினால், சுருதி பிழையாது, தோடி மறைந்துவிடும். அதே சுர வரிசையையுடைய வடநாட்டுப் பைரவியிற் காந்தாரம் பெரும்பாலும் நிலைத்து நிற்பதை ஒப்புநோக்குக. ஆகவே தோடிக் காந்தாரம் எத்தனையாவது சுருதி என்று வினவுவது பொருந்தா வினா. அசைவின் மேல்கீழ் எல்லைகளைக் கூட்டிப் பாதியாக்கினால் ஓரெண் வரும். அவ்வெண்ணுக்குச் சுருதிப் பெயரும் சூட்டலாம். ஆயின் அவ்விடத்திற் குரல் நின்றதுமில்லை, செவி கேட்டதுமில்லை. இராகந்தோறும் சுருதி அட்டவணை வகுத்த சிலர் இப்படியே செய்தனர்.

அளவைக் கருவிகள் வந்தபின் இது மேலும் தெளிவாயிற்று. ஜைரஸ்போய், ஸ்டோன் என்னும் இருவர் 1963-இல் வெளியிட்ட ஆய்விலே, வடநாட்டுக் கலைஞரின் ஒலிப்பதிவுகளை அளந்து, ஒரே சுரம் கலைஞர்க்குக் கலைஞர் மட்டுமன்றி ஒரே கலைஞரிடத்தும் வேறுபடுதலைக் காட்டினர். நிலையான 22 இடங்களை அவ்வளவை ஆதரிக்கவில்லை. பின்னர்த் தென்னிந்திய இசையைக் கணனி வாயிலாக அளந்த ஆய்வும், நிலைத்து நிற்கும் இடைவெளிகள் பன்னிரண்டளவே என்றும், எஞ்சியவை அசைவின் வடிவங்கள் என்றும் கூறிற்று.

இதனாற் பாடகர் நுண்மை அறியாதவர் என்பது முடிபன்று. நன்கு கூட்டிய தம்பூராவின் சட்ஜத் தந்தியிலே, ஐந்தாம் உபசுரமாகிய அந்தர காந்தாரம் தானே தோன்றும். அது 386 சென்ட். சங்கராபரணத்திற் காந்தாரத்தை நீட்டி நிறுத்தும் பாடகர் அதனோடு ஒன்றும்பொழுது தந்தியும் குரலும் ஒரே ஒலியாகிவிடும். 400-இல் நின்றால் இரண்டும் பிரிந்து கேட்கும். ஆசிரியர் மாணாக்கனுக்கு "காந்தாரத்தைச் சற்றுக் குறைத்துப் பாடு" என்று திருத்துவது இத்தகைய இடத்திலேதான். அவர் குறைக்கச் சொன்னது எத்துணைச் சுருதி என்று அவர் எண்ணிப் பார்த்திரார். தந்தி இணங்கும்வரை குறைக்கச் சொன்னார்.