ஜும்ஆ தொழுகை: முதல்முறை வருவோருக்கான ஒழுங்குகள்

வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசலில் கூட்டாக நடைபெறும் ஜும்ஆ தொழுகைக்கு முதன்முறை வருவோர், பிறசமயத்தவர் உட்பட, கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகள்.

உடை: ஆண்களுக்கு முழுக்கால் சட்டையோ கணுக்காலுக்கு மேல் கட்டிய வேட்டியோ கைலியோ பொருந்தும், தொடை தெரியும் அரைக்கால் சட்டை கூடாது. பெண்கள் தலை, கை, கால் மூடிய உடை அணிவர். தமிழ்நாட்டின் பல பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனி இடம் இல்லாததால் முன்னரே கேட்டறிவது நல்லது. பச்சை வெங்காயம், பூண்டு தின்ற வாயோடு வருவதைத் தவிர்க்க வேண்டும்.

கழுவுதல்: செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். தொழுபவர்கள் ஹவுல் எனும் நீர்த்தொட்டியிலோ குழாயிலோ ஒளு செய்வர்: கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கைகள் ஆகியவற்றைக் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவி, கணுக்கால் வரை கால்களைக் கழுவுவர். தொழாமல் பார்க்க மட்டும் வருபவருக்கு ஒளு கட்டாயமில்லை. கால் சுத்தமாக இருந்தால் போதும்.

அமர்தல்: தாமதமாக வருபவர்கள் பின்னால் புதிய வரிசை கட்டுவதால், பார்வையாளர் வாசலை விட்டு விலகிப் பின்சுவரின் மூலையில் அமர்வதே சரி. பிறர் தோளைத் தாண்டியோ, தொழுபவரின் முன்னாலோ போகக் கூடாது. இமாம் மிம்பர் மேடையில் குத்பா உரை நிகழ்த்தும்போது பேச்சுக்கு இடமில்லை. பேசுபவரை "சும்மா இருங்கள்" என்று அடக்குவதும் தவறு. ஐயங்களைத் தொழுகை முடிந்தபின் கேட்கலாம்.