தலைக்குமேல் முளைத்த கம்பம் (ஒளிப்படத் திருத்தம்)

ஒளிப்படத்தில் ஒருவருக்குப் பின்னால் தொலைவில் நிற்கும் விளக்குக் கம்பமோ மரக்கிளையோ அவருடைய தலையிலிருந்து முளைத்ததுபோலத் தெரிவது உருவப்படங்களில் அடிக்கடி நேரும் குறை. படம் எடுக்கும்போதே இதைத் தவிர்க்கலாம், எடுத்தபின் திருத்து மென்பொருளில் நீக்கவும் செய்யலாம். வானத்தின் நடுவே நிற்கும் கம்பத்தை அழிப்பது யாருக்கும் எளிது. அது முடியைத் தொடும் இரண்டு மூன்று விரற்கடை இடம்தான் கடினமானது. திருத்தம் தேறுவதும் தோற்பதும் அங்கேதான்.

ஏன் நேர்கிறது

நேரில் நிற்பவர் இரு கண்ணால் பார்க்கிறார். கண்கள் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 6 செ.மீ. தொலைவு இருப்பதால் முகம் அருகிலும் கம்பம் தூரத்திலும் இருப்பதை மூளை பிரித்து அறிகிறது. முகத்தையே கவனிக்கும்போது கம்பம் மனத்தில் பதிவதும் இல்லை. கேமராவுக்கோ ஒற்றைக் கண். அது தூரத்தைத் தட்டையாக்கி இரண்டையும் ஒரே தளத்தில் ஒட்டவைத்துவிடுகிறது. கம்பமும் முடியும் ஒரே கருமையில் இருந்தால் ஒட்டு இன்னும் இறுகும்.

எடுக்கும்போது பக்கவாட்டில் நகர்வதே இதற்கு மருந்து. எவ்வளவு நகரவேண்டும் என்பது கணக்குக்கு உட்பட்டது. ஆள் 3 மீட்டரிலும் கம்பம் 12 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். கேமராவை 30 செ.மீ. நகர்த்தினால், தலை இருக்கும் தளத்தில் கம்பம் நகரும் அளவு 30 × (1 − 3/12), அதாவது 22.5 செ.மீ. தலையின் அகலம் 15 செ.மீ. அளவுதான் என்பதால், நடு உச்சியில் நின்ற கம்பம் காதையும் தாண்டி வெளியே போய்விடும். அரை அடி எடுத்துவைத்தாலே தீரும் வேலை என்று இதனால்தான் சொல்கிறார்கள். அதே கம்பம் ஆளுக்கு 1 மீட்டர் பின்னால், 4 மீட்டரில் நின்றால் கதை வேறு. அதே 30 செ.மீ. நகர்வுக்கு அது 7.5 செ.மீ. மட்டுமே விலகும், தலையின் ஓரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது ஆளையே மரத்தையோ கம்பத்தையோ விட்டு முன்னே வரச்சொல்வது மேல். பின்புலத்தை மங்கலாக்குவதால் மட்டும் ஒட்டு விலகாது. கூரான கம்பம் மங்கிய கம்பமாகும், அவ்வளவுதான்.

ஒரு படத்தைத் திருத்தும் முறை

6000 × 4000 பிக்சல் அளவுள்ள, மார்பளவு உருவப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலையின் அகலம் ஏறத்தாழ 700 பிக்சல். பின்னால் வெளிர்ந்த மாலை வானம். 12 மீட்டரில் நிற்கும் 15 செ.மீ. தடிமனுள்ள சாம்பல்நிறக் கம்பம் உச்சந்தலையிலிருந்து படத்தின் மேல்விளிம்பு வரை ஓடுகிறது. தூரம் நான்கு மடங்கு என்பதால் அதன் அகலம் 170 பிக்சலை ஒட்டி இருக்கும். அதன் இரு ஓரமும் சற்று மங்கி, இன்னும் சில பிக்சல் அகலம் கூட்டும். இந்த மங்கலை விட்டுவிட்டுக் கம்பத்தை மட்டும் அழித்தால் வானத்தில் இரண்டு சாம்பல் கோடுகள் மிஞ்சும். அழிக்கவேண்டிய அகலத்தைத் தாராளமாக 230 பிக்சல் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே சொல்லும் படிகள் இலவச மென்பொருளான ஜிம்புக்கு உரியவை. போட்டோஷாப்பிலும் இதே கருவிகள் வேறு பெயரில் உள்ளன. முதலில் `Ctrl+Shift+D` அழுத்தி லேயரைப் படியெடுத்து, படியில் மட்டுமே வேலை செய்யவேண்டும். மூலப்படம் அடியில் மாறாமல் இருந்தால்தான் முடியின் பழைய வடிவத்தைப் பிறகு எடுத்துப் பார்க்க முடியும்.

அடுத்து `Free Select` கருவியால் அடர்ந்த முடி தொடங்கும் கோட்டைச் சுற்றித் தலையைத் தேர்ந்து, விளிம்பை 2 பிக்சல் மென்மையாக்கி, தேர்வைத் தலைகீழாக்குவது வழக்கம். இதனால் பிரஷ் தலைக்குள் நுழையாது. பலர் இங்கே ஒவ்வொரு உதிரி முடியையும் காப்பாற்றப் பார்ப்பார்கள். அது வேண்டாத உழைப்பு. கருஞ்சாம்பல் கம்பத்தின்மேல் கருமுடி கண்ணுக்கே தெரிவதில்லை. தெரியாத ஒன்றைச் சுற்றிக் கோடு கிழிக்க முடியாது. கம்பத்தோடு சேர்த்து அந்த உதிரி முடிகளை அழித்துவிட்டுக் கடைசியில் புதிதாக வரைவதே சரியான வழி.

இப்போது `Clone` கருவி. குறுக்குவிசை `C`. பிரஷின் அளவு 230, கடினம் 50. மூல இடத்தை `Ctrl` அழுத்திக் குறிக்கவேண்டும். அந்த இடம் கம்பத்தின் பக்கவாட்டில் அதே உயரத்தில் இருப்பது மிக முக்கியம். வானம் ஒரே நீலம் அல்ல. அடியில் வெளிர்ந்து மேலே போகப்போக அடர்கிறது. மேலிருந்து எடுத்த வானத்தைக் கீழே ஒட்டினால் கறைபோல நிற்கும். வெகுதூரம் பக்கவாட்டில் போவதும் ஆகாது. பல லென்சுகளில் ஓரம் நடுவைவிடச் சற்று இருண்டிருக்கும். 350, 400 பிக்சல் தள்ளி, இடமும் வலமும் மாற்றி மாற்றி எடுத்தால் ஒளிவேறுபாடு ஒரே பக்கமாகச் சேராது. `Alignment` பட்டியலில் `Aligned` இருந்தால் மூலமும் பிரஷும் ஒரே இடைவெளியில் கூடவே நகரும்.

குளோன் கருவியால் கம்பம் முழுவதையும் அழிக்கவேண்டியதில்லை. தலைக்கு மேல் ஒரு பட்டையை, பிரஷின் அகலம்போல் இரண்டு மடங்கு உயரத்துக்கு அழித்து, கம்பத்தைத் தலையிலிருந்து துண்டித்தால் போதும். மீதியை `Heal` கருவி, அதாவது `H`, பார்த்துக்கொள்ளும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஹீல் கருவி மூலத்திலிருந்து இழையமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தையும் ஒளியையும் ஒட்டும் இடத்தின் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாற்றும். சுற்றிலும் வானமாக இருந்தால் வேலை கச்சிதமாக முடியும். சுற்றுப்புறத்தில் முடி இருந்தாலோ அதன் கருமையையும் கணக்கில் சேர்த்து வானத்துக்குள் இழுத்துவிடும். உச்சந்தலையிலிருந்து புகை கிளம்புவதுபோன்ற ஒரு மங்கல் தெரிந்தால், ஹீலை முடிக்கு மிக அருகே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பகுதியைத் திரும்பக் குளோனால்தான் செய்யவேண்டும்.

கம்பம் வெள்ளைப் பூச்சுடன் வானத்தைவிட வெளிர்ந்திருந்தால் ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. குளோன் கருவியின் `Mode` பட்டியலில் `Darken only` தேர்ந்தால், மூலத்தைவிட வெளிரான பிக்சல்கள் மட்டுமே மாறும். கம்பம் மறையும், அதன்மேல் படிந்த கருமுடி அப்படியே நிற்கும். வானத்தைவிட வெளிர்ந்த நரைமுடிக்குப் பின்னே கருங்கிளை இருந்தால் `Lighten only` அதே உதவியைச் செய்யும். கருமுடிக்குக் கருங்கம்பம் வாய்த்தால் இரண்டும் பயன்படாது.

இனி முடி. இந்தப் படத்தில் தனி ஒரு முடி அரைப் பிக்சல்கூட இருக்காது. நாம் காண்பது சில முடிகள் சேர்ந்த கற்றை, 2 முதல் 4 பிக்சல் தடிமன். பக்கத்து முடியோரத்திலிருந்து நிறத்தை எடுத்து, 3 பிக்சல் பிரஷால் வேரிலிருந்து வெளியே, நுனி மெலிய வரையவேண்டும். தூய கருப்பால் வரைந்தால் கம்பி நட்டதுபோலத் தெரியும். வானத்தின் ஒளி பட்ட முடியோரம் உண்மையில் பழுப்போ சாம்பலோதான். வரையப் பழக்கமில்லாதவர்கள் உச்சியின் பக்கத்திலிருந்தே ஒரு துண்டு முடியோரத்தைப் படியெடுத்து, புது லேயரில் சற்றுத் திருப்பி வைத்து, ஓரங்களை மாஸ்க்கால் கரைக்கலாம். மறுபக்கத்து ஓரத்தைக் கண்ணாடி பிம்பமாகப் புரட்டி வைப்பது ஆபத்து. வெயில் இடப்பக்கம் அடிக்க, ஒட்டிய துண்டு மட்டும் வலப்பக்கம் மினுங்கும். கையால் வரைந்த கோடுகளில் படத்தின் மணித்தன்மை இராது. `Filters > Noise > RGB Noise` கொண்டு சிறிதளவு சேர்த்து, 100 விழுக்காட்டுப் பெருக்கத்தில் சுற்றுப்புறத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

தானியங்கி நிரப்பல்

கம்பத்தைத் தேர்ந்துவிட்டால் மென்பொருளே இடத்தை நிரப்பும் வசதி போட்டோஷாப்பில் 2010இல் `Content-Aware Fill` என்ற பெயரில் வந்தது. 2009இல் வெளியான பேட்ச்மேட்ச் என்னும் ஆய்வுமுறை அதன் அடிப்படை. படத்தின் பிற பகுதிகளிலிருந்து பொருத்தமான சிறு துண்டுகளைத் தேடி ஒட்டும் முறை அது. ஜிம்பில் ரீசிந்தசைசர் என்ற இணைப்பு ஒத்த வேலையைச் செய்கிறது. இலைதழைக்கு நடுவே ஒரு கிளையை எடுக்க இது மிக நன்று. இலைகளின் ஒழுங்கின்மை ஒட்டை மறைத்துவிடும். ஆனால் தலையோரத்தில் அதற்கு வானம் எது, முடி எது என்று தெரியாது. காதின் துண்டையோ நெற்றியின் நிறத்தையோ வானத்தில் ஒட்டிவிடும். 2018 முதல் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கலாம் என்பதைத் தீட்டிக் காட்டும் தனிச்சாளரம் போட்டோஷாப்பில் உண்டு. அதில் முகம், முடி, உடை மூன்றையும் விலக்கிவிட்டு, தலையிலிருந்து துண்டித்த பிறகு மிஞ்சிய கம்பத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் நேரம் மிச்சமாகும்.

விட்டுப்போன தடயங்கள்

ஒட்டிய வானம் சரியாக இருக்கிறதா என்று வெறும் கண்ணால் தீர்மானிப்பது கடினம். `Curves` கோட்டைத் தற்காலிகமாகச் செங்குத்தாக்கி ஒளிவேறுபாட்டை மிகைப்படுத்தினால் ஒட்டுகள் திட்டுத்திட்டாக எழும்பும். அவற்றைச் சரிசெய்தபின் கோட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்ப்பதும் பழகிய கண்ணுக்குத் தப்பியதைக் காட்டும்.

கம்பத்தோடு தொடர்புள்ள பொருள்களையே பெரும்பாலோர் மறக்கிறார்கள். கம்பத்தில் முடிந்த மின்கம்பி அந்தரத்தில் நிற்கும். அதைப் படத்தின் ஓரம் வரையோ அடுத்த கம்பம் வரையோ எடுத்துவிடவேண்டும். கைக்கும் இடுப்புக்கும் இடையே கம்பத்தின் அடிப்பகுதி எட்டிப்பார்க்கும், தரையில் நிழல் கிடக்கும். விளக்கு எரியும் இரவுப்படத்தில் முடியோரத்தில் படிந்த மஞ்சள் ஒளி, விளக்கை நீக்கினாலும் அங்கேயே இருக்கும். அத்தகைய படத்தில் கம்பத்தை எடுக்காமல் விடுவதையே நான் பரிந்துரைப்பேன். எடுத்துவிட்டால், ஒளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் படத்தில் விடை இல்லாமற் போய்விடும்.

செய்திப்படங்களில்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1970 மே 4 அன்று தேசியக் காவற்படை சுட்டதில் மாணவர்கள் நால்வர் இறந்தனர். உயிரிழந்த ஜெஃப்ரி மில்லரின் உடலருகே மண்டியிட்டுக் கதறும் 14 வயதுச் சிறுமி மேரி ஆன் வெக்கியோவை, அங்கே மாணவராயிருந்த ஜான் ஃபைலோ படமெடுத்தார். சிறுமியின் தலைக்கு நேர் பின்னே ஒரு வேலிக்கம்பம் நிற்கிறது. அந்தப் படம் 1971இல் புலிட்சர் பரிசு பெற்றது. பின்னாளில் கம்பம் நீக்கப்பட்ட ஒரு படி இதழ்களில் வெளிவரத் தொடங்கியது. 1995இல் லைஃப் இதழ் அந்தப் படியை வெளியிட்டபோது பெரும் விவாதம் எழுந்தது. தாங்கள் திருத்தவில்லை, பட நூலகத்திலிருந்து வந்ததையே அச்சிட்டோம் என்று இதழ் விளக்கம் தந்தது.

அந்தக் கம்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்த கொலைகள் மாறப்போவதில்லை. ஆனால் ஒரு கம்பத்தை எடுக்கலாம் என்றால் ஓர் ஆளை ஏன் எடுக்கக்கூடாது என்ற கேள்விக்குச் செய்தித்துறையால் எல்லை வகுக்க முடியாது. அதனால்தான் ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி நிறுவனங்கள் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று தடை விதித்துள்ளன. ஒளி, நிறம் ஆகியவற்றில் சிறு சீரமைப்புக்கும் ஓரத்தை வெட்டுவதற்கும் மட்டும் இடம் உண்டு. தலைக்கு மேல் நிற்கும் கம்பத்தை ஓரவெட்டால் எடுக்க முடியாது. செய்திப்படக்காரருக்கு எஞ்சுவது எடுக்கும் கணத்தில் பக்கவாட்டில் நகரும் அந்த 30 செ.மீ. மட்டுமே. திருமணப்படம், குடும்பப்படம், விளம்பரப்படம் ஆகியவற்றுக்கு இந்தத் தடை கிடையாது.