ஜிஎஸ்டி எண் இல்லாமல் இணையத்தில் விற்கலாம்; மாநில எல்லையைத் தாண்ட முடியாது: இடுக்கி, பாலக்காடு சிறு விற்பனையாளர்களுக்கு ஒரு விளக்கம்

இடுக்கி / பாலக்காடு: கேரள - தமிழக எல்லையில் ஏலக்காய், மிளகு, மறையூர் வெல்லம், மட்டை அரிசி போன்றவற்றைச் சிறு அளவில் விற்பவர்கள், சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு (ஜிஎஸ்டி) இல்லாமலேயே இணையவழிச் சந்தைகளில் விற்பனை செய்ய 2023 அக்டோபர் 1 முதல் வழி உள்ளது. ஆனால் அந்தச் சலுகை மாநில எல்லைக்குள் மட்டுமே செல்லும். எல்லையோரத்தில் வசிப்பவர்களுக்கு இதன் விளைவு மற்றவர்களை விடக் கூடுதலாகும்.

குமுளியில் உள்ள ஒரு விற்பனையாளர், கேரளத்தின் மறு முனையில் இருக்கும் காசர்கோட்டுக்குப் பார்சல் அனுப்பலாம். மலையிறங்கினால் வந்துவிடும் கம்பத்துக்கு அனுப்ப முடியாது. மறையூருக்கு உடுமலைப்பேட்டையும், கொழிஞ்சாம்பாறைக்குப் பொள்ளாச்சியும், வாளையாறுக்குக் கோவையும் இதே நிலையில்தான் உள்ளன. தமிழ் பேசும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இருப்பதால், கட்டணங்களைக் கணக்கிடும் முன்பே இந்த முடிவை எடுக்க வேண்டியுள்ளது.

சலுகையின் நிபந்தனைகள்

2023 அக்டோபருக்கு முன்னர், இணையவழிச் சந்தையில் பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியிருந்தது. இப்போது, பதிவுக்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பைத் தாண்டாதவர்களுக்கு விலக்கு உண்டு. கேரளத்தில் சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு அந்த வரம்பு 40 லட்சம் ரூபாய் ஆகும். இணைய விற்பனை மட்டுமன்றி, கடையில் நடக்கும் விற்பனையும் இந்த வரம்பில் சேரும்.

விலக்கைப் பெற விரும்புவோர் www.gst.gov.in தளத்தில் பான் எண்ணையும் தொழில் நடைபெறும் முகவரியையும் அளித்து ஒரு சேர்க்கை எண் பெற வேண்டும். இது ஜிஎஸ்டி எண் அல்ல. எனினும் இந்த எண் கிடைக்கும் வரை எந்தத் தளமும் அவருடைய பொருளை விற்பனைக்கு அனுமதிக்கக் கூடாது. சேர்க்கை எண் உள்ளவர் வெளிமாநிலத்துக்கு விற்பதைத் தடுக்கும் பொறுப்பும் தளத்தையே சேரும். எனவே தமிழகத்தின் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்துப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு, அந்தப் பொருள் அவருடைய பகுதிக்கு அனுப்பப்படாது என்றே காட்டப்படும்.

கேரளத்தில் ஒரு சேர்க்கை எண்ணும் தமிழகத்தில் மற்றொன்றும் பெற்று இரு பக்கமும் விற்கலாமா என்ற கேள்வி எழலாம். விதி அதற்கு இடம் தரவில்லை. இச்சலுகையின் கீழ் ஒருவர் ஒரு மாநிலத்தில் மட்டுமே இணையவழி விற்பனை செய்ய முடியும். எல்லை தாண்டி விற்க வேண்டுமானால் முழுமையான ஜிஎஸ்டி பதிவு பெறுவதே வழி.

உணவுப் பொருள் விற்பவர்கள், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க எண்ணையும் பெற வேண்டும். இதற்கும் ஜிஎஸ்டி விலக்குக்கும் தொடர்பில்லை. பொட்டலத்தின் மீது அந்த எண், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிடுபவரின் பெயர், முகவரி, தேதி விவரங்கள் ஆகியவை இடம்பெற வேண்டும்.

கட்டணங்கள்: ஒரு மாதிரிக் கணக்கு

தளங்கள் பொதுவாக மூன்று வகைக் கட்டணங்களைப் பிடித்துக்கொள்கின்றன. விலையின் விழுக்காடாகக் கணக்கிடப்படும் தரகு, ஒவ்வொரு ஆர்டருக்குமான நிலையான கட்டணம், எடையையும் தூரத்தையும் பொறுத்த அனுப்புகைக் கட்டணம் என்பன அவை. இவற்றின் மொத்தத்தின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். சில தளங்கள் தரகே வசூலிப்பதில்லை. வேறு சில, குறைந்த விலைப் பொருட்களுக்கு மட்டும் தரகைக் கைவிட்டுள்ளன. அப்போதும் மற்ற கட்டணங்கள் தொடரலாம்.

கணக்கைப் புரிந்துகொள்ள, குமுளியில் இருந்து 100 கிராம் ஏலக்காய் 450 ரூபாய்க்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். விகிதங்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. தளத்துக்குத் தளம் அவை மாறும். தரகு 8 சதவீதம், அதாவது 36 ரூபாய். நிலையான கட்டணம் 20 ரூபாய். அனுப்புகைக் கட்டணம் 60 ரூபாய். மொத்தம் 116 ரூபாய். அதன் மீது 18 சதவீத வரி 20.88 ரூபாய். ஆக, தளம் பிடித்துக்கொள்வது 136.88 ரூபாய், விற்பனையாளரின் வங்கிக் கணக்குக்கு வருவது 313.12 ரூபாய்.

ஏலக்காயின் கொள்முதல் விலை 270 ரூபாய், பொட்டலச் செலவு 15 ரூபாய் எனில் மிஞ்சும் லாபம் 28.12 ரூபாய் ஆகும். 450 ரூபாய்க்கும் 285 ரூபாய்க்கும் இடையிலான 165 ரூபாயை லாபம் என்று எண்ணி விலை நிர்ணயிப்பவர், முதல் மாதக் கணக்கிலேயே ஏமாற்றம் அடைவார்.

பதிவு பெற்றால் லாபம் குறையுமா?

ஜிஎஸ்டி பதிவு பெற்றால் வரியால் லாபம் கரைந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. இதே எடுத்துக்காட்டைக் கொண்டு அதைச் சோதிக்கலாம். ஏலக்காய்க்கு 5 சதவீத வரி உண்டு. வாடிக்கையாளர் தரும் 450 ரூபாயில் அந்த வரி அடங்கியிருப்பதாகக் கொண்டால், அரசுக்குச் சேர வேண்டியது 21.43 ரூபாய்.

ஆனால் தளத்தின் கட்டணங்கள் மீது செலுத்திய 20.88 ரூபாயை, பதிவு பெற்றவர் உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு பெறாதவருக்கு அந்த உரிமை இல்லை. அவருக்கு அது செலவாகவே முடிகிறது. எனவே பதிவு பெற்றவர் கையிலிருந்து கட்ட வேண்டியது 55 காசு மட்டுமே; அவருடைய லாபம் 27.57 ரூபாயாக இருக்கும்.

பதிவு பெற்றவரின் விற்பனையில், வரி நீங்கலான மதிப்பில் 0.5 சதவீதத்தைத் தளம் வரியாகப் பிடித்து அரசிடம் செலுத்தும். இது 2024 ஜூலை 10க்கு முன் 1 சதவீதமாக இருந்தது. இத்தொகை விற்பனையாளரின் ஜிஎஸ்டி ரொக்கப் பேரேட்டில் வரவு வைக்கப்படுவதால், அது இழப்பு ஆகாது. பணம் சில வாரங்கள் முடங்கும்.

ஆகவே இந்த எடுத்துக்காட்டில் பதிவின் உண்மையான சுமை வரி அல்ல, கணக்குத் தாக்கல். விற்பனையே நடக்காத காலத்துக்கும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாயும், வரி ஏதும் இல்லாத கணக்காக இருந்தால் 20 ரூபாயும் தாமதக் கட்டணம் சேரும். மாதம் பத்து, பதினைந்து பார்சல் மட்டும் அனுப்புபவருக்கு, கணக்கர் கட்டணமே லாபத்தை மிஞ்சிவிடக்கூடும். அத்தகையோர் சேர்க்கை எண்ணுடன் கேரளத்துக்குள் விற்றுப் பார்த்துவிட்டு, ஆர்டர்கள் பெருகிய பின் பதிவு பெறுவது பொருத்தமாக இருக்கும்.

திரும்பி வரும் பார்சல்

மேற்கண்ட கணக்கைப் புரட்டிப்போடக் கூடியது திரும்பி வரும் பொருளே. பத்துப் பார்சல்களில் ஒன்று திரும்பி வருவதாகக் கொள்வோம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத விற்பனையாளருக்கு மற்ற ஒன்பதின் லாபம் 253.08 ரூபாய். திரும்பிய பார்சலுக்குத் தரகை விட்டுக்கொடுத்து, அனுப்புகைக் கட்டணமாக வரியுடன் 70.80 ரூபாயை மட்டும் தளம் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், முடிவு பொருள் எந்நிலையில் திரும்பியது என்பதைப் பொறுத்தது.

உள் பொட்டலம் முத்திரை உடையாமல் வந்தால், வெளிப்பொட்டலச் செலவு உட்பட 85.80 ரூபாய் இழப்பு. பத்துப் பார்சலின் நிகர லாபம் 167.28 ரூபாய். முத்திரை உடைந்திருந்தால் உணவுப் பொருளை மீண்டும் விற்க இயலாது. இழப்பு 355.80 ரூபாயாக உயர்ந்து, பத்துப் பார்சலும் சேர்ந்து 102.72 ரூபாய் நட்டத்தில் முடியும்.

உணவுப் பொருட்களை வாடிக்கையாளர் மனம் மாறித் திருப்பி அனுப்பப் பெரும்பாலான தளங்கள் அனுமதிப்பதில்லை. எனினும் பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையில், வாடிக்கையாளர் வாங்க மறுத்தால் பார்சல் திரும்பியே வரும். முன்பணம் செலுத்தும் ஆர்டர்களை மட்டும் ஏற்கும் வசதி தளத்தில் இருந்தால் அதைத் தேர்வு செய்வது இந்த இழப்பைக் குறைக்கும்.

சேதமடைந்த, குறையுள்ள அல்லது விளம்பரத்தில் கண்டதிலிருந்து மாறுபட்ட பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க இயலாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. அதேவேளை பொய்யான புகாரை மறுக்க ஆதாரம் தேவை. பொட்டலமிடும்போது எடைக்கருவியின் எண்ணும் பார்சல் சீட்டும் தெரியும்படியும், திரும்பிய பார்சலைப் பிரிக்கும்போது தொடக்கம் முதலும் காணொளி எடுத்து வைப்பது இதற்கு உதவும். தளங்கள் முறையீட்டுக்குச் சில நாட்களே அவகாசம் தருவதால், பார்சல் வந்த அன்றே பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் அளவும் மலைப்பாதையும்

அனுப்புகைக் கட்டணம் தராசில் காட்டும் எடையை மட்டும் பொறுத்ததன்று. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் கிடைப்பது கன அளவு எடை. கூரியர் நிறுவனங்கள் பலவும், இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் விதிக்கின்றன.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தை ஒரு கிலோ அளவில் அனுப்புவதாகக் கொள்வோம். 30, 20, 15 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் வைத்தால் அதன் கன அளவு எடை 1.8 கிலோ. 20, 15, 12 சென்டிமீட்டர் பெட்டியில் அது 0.72 கிலோ மட்டுமே. அப்போது உண்மையான எடைக்கே கட்டணம் கணக்கிடப்படும். கையிருப்பில் உள்ள பெரிய பெட்டியைப் பயன்படுத்துவதால் ஒவ்வொரு பார்சலிலும் பணம் வீணாகிறது.

மலைப்பகுதிகளில் கூரியர் ஊழியர் வீட்டுக்கே வந்து பார்சல் எடுக்கும் வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. தளத்தில் கணக்குத் தொடங்கும் முன்பே, தங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு அவ்வசதி உள்ளதா என்பதைச் சரிபார்ப்பது அவசியம். இல்லையெனில் அருகிலுள்ள நகரின் மையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கும் போக்குவரத்துச் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும்.

மதிப்பீடு குறைவது எதனால்?

ஒரு பொருளுக்கு நான்கு பேர் ஐந்து நட்சத்திரமும் ஒருவர் ஒரு நட்சத்திரமும் அளித்தால் சராசரி 4.2 ஆகிவிடும். மதிப்பீடுகள் குறைவாக உள்ள தொடக்க காலத்தில் ஒரே ஒரு சேதமடைந்த பார்சலின் பாதிப்பும் இவ்வளவு பெரிது. இதை ஈடுகட்ட உறவினர்களையோ வேறு கணக்குகளையோ கொண்டு பாராட்டு எழுதச் செய்வது ஆபத்தானது. நுகர்வோர் என்ற போர்வையில் விற்பனையாளரே தமது பொருளுக்கு மதிப்புரை இடுவதை 2020ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன.

வாடிக்கையாளரின் கண்ணில் படாத மற்றொரு மதிப்பீடும் உண்டு. தாமதமாக அனுப்பியவை, விற்பனையாளர் ரத்து செய்தவை, திரும்பி வந்தவை ஆகியவற்றின் விகிதத்தைத் தளம் தொடர்ந்து கணக்கிடுகிறது. அது வரம்பை மீறினால் பொருள் தேடல் பட்டியலில் கீழிறங்கும். கணக்கு முடக்கப்படவும் கூடும். பருவமழையில் நிலச்சரிவால் மூணாறு கேப் ரோடு போன்ற பாதைகள் மூடப்படும் நாட்களில், ஆர்டர்களைப் பெற்றுப் பின் ரத்து செய்வதே இந்த விகிதத்தைக் கெடுக்கிறது. கனமழை எச்சரிக்கை வந்தவுடன் கணக்கை விடுமுறை நிலைக்கு மாற்றினால் புதிய ஆர்டர்கள் வாரா, மதிப்பீடும் பாதிக்கப்படாது. பாதை திறந்த பின் அதை மீண்டும் இயல்பு நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.